பூட்டிய அரட்டையில் நிறுவனத்துக்கு என்னதான் தெரிகிறது?

செல்வி_தஞ்சை
இன்ஸ்டாகிராமில் அனுப்பும் சாதாரண நேரடிச் செய்திக்கும் வாட்ஸ்அப் செய்திக்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா? இரண்டும் மெட்டாவுடையவைதானே? நினைத்தால் இரண்டையும் படித்துவிட மாட்டார்களா?

மணிமாறன்
ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டுமே குறியாக்கத்தோடுதான் போகின்றன. காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பவனுக்கு எதுவும் கிடைக்காது. ஆனால் நிறுவனத்திடம் எதை மறைக்க முடியும்? செயலியை எழுதியவர்களே அவர்கள்தான்.

சர்வர்க்காரன்
முதல் பாதி சரி, மணிமாறன். வழியில் இரண்டும் பத்திரம். ஆனால் சாதாரண நேரடிச் செய்தியின் குறியாக்கம் நிறுவனத்தின் சர்வரோடு முடிந்துவிடுகிறது. அங்கே அது பிரிக்கப்படுகிறது. சேமிக்கும்போது மறுபடி பூட்டினாலும் சாவி அவர்களிடமே இருக்கும். வாட்ஸ்அப் 2016 ஏப்ரல் முதல் எல்லாச் செய்திகளுக்கும் சிக்னல் என்ற குறியாக்க நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. அதில் செய்தியைத் திறக்கும் சாவி உங்கள் போனிலும் எதிராளியின் போனிலும் மட்டுமே உருவாகிறது. நடுவில் இருக்கும் சர்வர் பூட்டிய செய்திக் கட்டை வாங்கி அப்படியே கைமாற்றிவிடுகிறது. இதைத்தான் முனைக்கு முனை குறியாக்கம் என்கிறார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எனக்குச் சொந்தமாக ஒரு சிறு இணையதளம் உண்டு. யாருக்கும் தெரியாத ஒரு பக்கத்தின் முகவரியை இன்ஸ்டாகிராமில் நண்பருக்கு அனுப்பினேன். வேறொரு பக்கத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் தட்டினேன். என் தளத்தின் வருகைப் பதிவேட்டில் பதிவானது இதுதான் (ஐ.பி. முகவரிகளை நீக்கியிருக்கிறேன்):

```
GET /sothanai-1  "facebookexternalhit/1.1"
GET /sothanai-2  "WhatsApp/2"
```

முதல் வரி மெட்டாவின் கணினியிலிருந்து வந்தது. நண்பர் செய்தியைத் திறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. முன்னோட்டப் படம் தயாரிக்க வேண்டுமானால் செய்திக்குள் இருக்கும் முகவரியைச் சர்வர் படித்துத்தானே ஆக வேண்டும்? இரண்டாவது வரி என் வீட்டு ஐ.பி. முகவரியிலிருந்தே வந்திருந்தது. முன்னோட்டத்தை என் போனே தயாரித்து, செய்தியோடு சேர்த்துப் பூட்டி அனுப்புகிறது.

லட்சுமி நாராயணி
எங்கள் அடுக்ககச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கட்டடம் கட்டியவரைப் பற்றி நான்கு வார்த்தை எழுதினேன். மறுநாளே அவர் என்னைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிறார். நீங்கள் சாவி, கட்டு என்கிறீர்கள். பிறகு எப்படிப் போயிற்று அவருக்கு?

சர்வர்க்காரன்
குழுவில் இருப்பவர் ஒருவர் படம் எடுத்து அனுப்பியிருப்பார், அம்மா. சாவி வைத்திருப்பவர்களில் அவரும் ஒருவர். அதை எந்தக் குறியாக்கமும் தடுக்காது.

லட்சுமி நாராயணி
பொருளாளராகத்தான் இருக்கும். நினைத்தேன்.

மணிமாறன்
அந்த அம்மாவின் பொருளாளரை விடுங்கள். நிறுவனத்தின் கைக்கே செய்தி போகும் வழி ஒன்று உண்டு, அதைச் சர்வர்க்காரர் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் யாராவது உங்களைப் புகார் செய்தால், நீங்கள் அவருக்கு அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகின்றன. மனிதர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், அவர்களுக்கு உள்ளடக்கமே தேவையில்லை என்பது. அமெரிக்க நிதித்துறையின் ஃபின்சென் பிரிவு அதிகாரி ஒருவர் செய்தியாளருக்கு ரகசிய ஆவணங்கள் கொடுத்த வழக்கைப் பாருங்கள். 2018இல், நள்ளிரவு தாண்டி சுமார் 20 நிமிடத்துக்குள் இருவருக்கும் இடையில் ஏறத்தாழ 70 செய்திகள் போய்வந்தன என்பதைப் புலனாய்வாளர்கள் நீதிமன்றத்தில் வைத்தார்கள். அந்தக் கணக்கை எடுக்க ஒரு சொல்லைக்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. யார், யாரோடு, எப்போது என்ற மூன்றுமே வழக்கில் ஆதாரமாயின. 2021இல் அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

சர்வர்க்காரன்
புகார் விஷயம் சரி. ஆனால் அங்கே செய்தியை அனுப்புவது புகார் செய்பவரின் போன், அவர் ஏற்கெனவே படித்ததைத்தான் அனுப்புகிறது. பூட்டை நடுவில் யாரும் உடைக்கவில்லை.

வழக்கும் உண்மைதான். யாருக்கு அனுப்பினீர்கள், எந்த நேரத்தில், எந்த ஐ.பி.யிலிருந்து, எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள், குழுவின் பெயர் என்ன, உங்கள் தொடர்புப் பட்டியலில் எந்த எண்கள் உள்ளன என்பதெல்லாம் வாட்ஸ்அப்புக்குத் தெரியும். ஆனால் அதே 20 நிமிடத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்டிருந்தால் கொடுக்க அவர்களிடம் எதுவும் இருந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான வழக்கு 2022இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நடந்தது. கருக்கலைப்பு தொடர்பான அந்த விசாரணையில், ஒரு தாயும் மகளும் ஃபேஸ்புக் மெசஞ்சரில் பேசியதைக் கேட்டுப் போலீஸ் வாரண்ட் கொடுத்தது. மெட்டா அந்த உரையாடலையே எடுத்துக் கொடுத்தது. அப்போது மெசஞ்சரில் முனைக்கு முனை குறியாக்கம் தானாக இயங்கவில்லை. அதை 2023 டிசம்பரில்தான் இயல்பாக்கத் தொடங்கினார்கள். அதே நிறுவனம்தான், செல்வி. சாவி எங்கே இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

மணிமாறன்
இரண்டு வழக்கிலும் மாட்டினார்களா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

சர்வர்க்காரன்
மாட்டினார்கள். ஆனால் யார், யாரோடு, எப்போது என்ற மேல்விவரமும் எல்லாச் செயலியிலும் ஒரே அளவில் சேர்வதில்லை. சிக்னல் செயலியை நடத்துபவர்களுக்கு 2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து கிராண்ட் ஜூரி ஆணை வந்தது. கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் ஆகிய இரண்டைத் தவிர கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. டெலிகிராமைப் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். அங்கே ரகசிய அரட்டையைத் தனியாகத் தொடங்கினால்தான் முனைக்கு முனை பூட்டு உண்டு. குழுக்களுக்கு அதுவும் இல்லை.

மணிமாறன்
கடைசியாக ஒன்று. செய்தியைப் பூட்ட உதவும் எதிராளியின் பொதுச் சாவி இதுதான் என்று என் போனுக்குச் சொல்வது யார்? அதே சர்வர். பொய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தால்?

சர்வர்க்காரன்
நல்ல கேள்வி, முதலிலேயே இதைக் கேட்டிருக்கலாம். அதற்காகத்தான் தொடர்பின் விவரப் பக்கத்தில் 60 இலக்கப் பாதுகாப்புக் குறியீடு இருக்கிறது. நேரில் சந்திக்கும்போது இருவர் போனிலும் ஒப்பிட வேண்டும். சாவி மாறினால் எச்சரிக்கும் வசதியை அமைப்புகளில் இயக்கியும் வைக்க வேண்டும். எதிராளி போன் மாற்றினாலும் அந்த எச்சரிக்கை வரும் என்பதால் மக்கள் பழகிப்போய்க் கண்டுகொள்வதில்லை. செயலியையே நம்ப முடியாது என்றால் இந்தக் குறியீடும் பயன்படாது. அந்த இடத்தில் உங்களோடு நான் வாதாடப் போவதில்லை.

செல்வி_தஞ்சை
என் அக்காவின் விவாகரத்து வழக்குக்காகக் கேட்டேன். அவள் வழக்கறிஞரோடு இன்ஸ்டாகிராமிலேயே பேசிக்கொண்டிருக்கிறாள். இன்றே வாட்ஸ்அப்புக்கு மாறச் சொல்லட்டுமா?

மணிமாறன்
வழக்கறிஞரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்வர்க்காரன்
மாறலாம். ஆனால் பழைய நேரடிச் செய்திகள் இன்ஸ்டாகிராமில் அப்படியே இருக்கும், மாறுவதால் அவை பூட்டப்படாது. அதோடு, உங்கள் அக்கா அஞ்ச வேண்டியது மெட்டாவையா, கணவரையா? கணவர் என்றால் வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியை முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக் கணினி ஏதாவது அங்கே இருந்தால் வெளியேற்றிவிட வேண்டும். பேக்கப் இன்னொரு ஓட்டை. 2021இலிருந்து அதையும் முனைக்கு முனை பூட்டலாம், ஆனால் நாமாகப் போய் இயக்க வேண்டும். இயக்காமல் விட்டால், கூகுள் கணக்கும் சிம் கார்டும் யார் கையில் இருக்கின்றனவோ அவர் எல்லாவற்றையும் வேறு போனில் இறக்கிக்கொள்ளலாம். சிம் யார் பெயரில் இருக்கிறது?

செல்வி_தஞ்சை
மாமா பெயரில்.

சர்வர்க்காரன்
அப்படியானால் முதலில் அவள் பெயரில் புது எண் வாங்கட்டும். இரண்டு படிச் சரிபார்ப்பு, பேக்கப் கடவுச்சொல் இரண்டையும் அந்த எண்ணில் போடட்டும். பேக்கப் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது, அதை எழுதி வைக்கச் சொல்லுங்கள், அந்த வீட்டில் வேண்டாம்.