‘தொக்தர் அமூ’ சித்தப்பா மகளா, முறைப்பெண்ணா?

வைகைக்கரை: ஈரானியப் படம் ஒன்றுக்குத் தமிழ் வசனவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். பாரசீக உறவுமுறையில் நமக்குச் சிக்கலே கிடையாது. அமூ சித்தப்பா, அம்மே அத்தை, தாயி மாமா, காலே சித்தி. ஆங்கிலக்காரன்தான் எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டி ஆக்கிவிடுவான். தமிழில் அச்சு மாறாமல் உட்காரும்.

நிலாமுற்றம்: எங்கே உட்காருகிறது? அமூ என்றால் அப்பாவின் சகோதரர், அவ்வளவுதான். அண்ணனா தம்பியா என்று அந்தச் சொல் சொல்லாது. நீங்கள் சித்தப்பா என்று போட்டுவிட்டு, பின்னால் ஒரு காட்சியில் அப்பா அவரை ‘தாதாஷ் போஸோர்க்’, அதாவது பெரியண்ணன் என்று கூப்பிட்டால், முதல் வரியிலிருந்து பெரியப்பா என்று மாற்றிக்கொண்டு வர வேண்டும். நான் ஒரு தடவை அப்படி மாட்டியிருக்கிறேன். காலேவுக்கும் இதே கதைதான். அதைக்கூட விடுங்கள். அமூ மகளை, தொக்தர் அமூவை, என்ன செய்தீர்கள்?

வைகைக்கரை: கதாநாயகன் அவளைத்தான் கட்டிக்கொள்கிறான். அதனால் ‘மாமன் மகள்’ என்று போட்டேன்.

நிலாமுற்றம்: போச்சு! மாமன் மகள் என்றால் தொக்தர் தாயி. அம்மாவின் அண்ணன் தம்பி பெற்ற பெண். அப்பா வழியைத் தூக்கி அம்மா வழியில் போட்டிருக்கிறீர்கள்.

கம்பம்_செல்வா: அவர் செய்ததுதான் சரி. சித்தப்பா மகள் என்றால் நமக்குத் தங்கச்சி. ‘என் சித்தப்பா மகளைக் கட்டப் போகிறேன்’ என்று திரையில் வந்தால் தேனிப் பக்கம் ஒருத்தரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். இன்னொன்று, ‘தாயி’ என்பதே நம்ம தாய்மாமனில் இருக்கிற தாய்தான். அவர்கள் நம்மிடம் வாங்கிய சொல்.

நிலாமுற்றம்: தாயி துருக்கிச் சொல். துருக்கியிலும் தாய்மாமனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஓசை ஒத்தால் சொந்தம் என்றால், ‘அம்மே ஜான்’ என்று குழந்தை கூப்பிடுவது அம்மாவையா? அது அப்பாவின் அக்கா தங்கையை. காது ஏமாந்து, அத்தையை அம்மா என்று எழுதிய வசனவரியை நானே பார்த்திருக்கிறேன்.

கம்பம்_செல்வா: அகராதி பார்த்தவர்களுக்குத்தான் தமிழ் தெரியும் போல.

யாழ்மண்: அத்தை, அத்தை என்று அடிச்சுச் சொல்லாதேங்கோ. எங்கட வீட்டில அப்பான்ர தங்கச்சியும் மாமி, மாமான்ர மனுசியும் மாமி. பாரசீகத்தில அம்மே, ஸன் தாயி எண்டு ரெண்டு சொல். எங்களுக்கு ஒண்டுதான்.

நிலாமுற்றம்: இங்கேயும் பல வீடுகளில் இருவருமே அத்தைதான். படத்தில் இருவரும் வந்தால் தாய்மாமன் மனைவியை மாமி என்றும் அப்பாவின் தங்கையை அத்தை என்றும் பிரித்துவிடலாம்.

யாழ்மண்: உங்களுக்குப் பிரியும். எங்களுக்குப் பிரியாது. தமிழ் எண்டா உங்கட ஊர் மட்டும்தானோ?

பழையசோறு: எனக்கு ஒரு சந்தேகம். என் மனைவியின் தங்கை கணவர் துபாயில் ஈரானியரோடு வேலை பார்க்கிறார். அவருக்கு நான் என்ன முறை, அவர்கள் மொழியில்?

நிலாமுற்றம்: பாஜெனாக். நம்ம சகலை, அப்படியே. ஓரகத்திக்கும் ஜாரி என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். வைகைக்கரை, பொருந்துகிற இடம் அது. தொக்தர் அமூ இல்லை.

வைகைக்கரை: சரி, ‘முறைப்பெண்’ என்று போடுகிறேன். எந்த வழி என்று சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம்.

நிலாமுற்றம்: முறைப்பெண் என்றாலே அத்தை மகள் அல்லது மாமன் மகள். தமிழ்க் காதுக்குச் சித்தப்பா மகள் அதில் வரவே மாட்டாள். அமூ மகன், அமூ மகள் நிக்காஹ் வானத்திலேயே எழுதப்பட்டது என்று அங்கே பழமொழியே உண்டு. உங்கள் படத்தில் அந்தக் கல்யாணம் எதற்காக?

வைகைக்கரை: தாத்தாவின் தோட்டம் இரண்டு மகன்களுக்கும் பங்காகிப் பிரியக் கூடாது என்று. இருவரும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடும் காட்சியும் இருக்கிறது.

நிலாமுற்றம்: அதைத்தான் சொல்கிறேன்! அண்ணன் தம்பி பங்கு அது. மாமன் மகள் என்று எழுதினால், அந்தத் தோட்டத்தில் அம்மாவின் அண்ணனுக்கு என்ன வேலை? நோட்டரி முன்னால் இரண்டு சகோதரர்களும் கையெழுத்துப் போடும்போது பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘சித்தப்பா மகள்’ என்றே போடுங்கள். முகம் சுளிப்பவர் சுளிக்கட்டும். அடுத்த வரியில் பாட்டி அந்தப் பழமொழியைச் சொன்னால் அவர்கள் வழக்கம் விளங்கிவிடும்.

கம்பம்_செல்வா: பாட்டி சொல்லாவிட்டால்?

சமீமா_கீழக்கரை: எங்கள் மார்க்கத்தில் தடை இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் பெரியப்பா மகன் எனக்கு அண்ணன்தான், அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம். நான் பார்த்தாலும் ஒரு நிமிடம் திடுக்கிடும். அதற்காக மாமன் மகள் என்று மாற்றிப் போட்டால் எனக்குக் கோபம் வரும்.

கம்பம்_செல்வா: திடுக்கிடும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதுதான் என் கட்சியும்.

நிலாமுற்றம்: அவர் சொன்ன இரண்டாவது பாதியையும் படியுங்கள். அமூவை மாமாவாக்காதீர்கள். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

வைகைக்கரை: படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பாட்டி வாயே திறக்கவில்லை. ‘முறைப்பெண்’ அப்படியே இருக்கட்டும்.

நிலாமுற்றம்: நோட்டரி காட்சி வரும்போது இங்கே வந்து கேட்பீர்கள்.