திருத்தி எழுதிய ஒப்புதல் படிவத்தை மீண்டும் ஆங்கிலமாக்கிப் பார்த்தபோது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

சென்னை, மொழிபெயர்ப்பாளர் (தொடரைத் தொடங்கியவர்)

மருந்து ஆய்வில் சேர வருபவர்களுக்குக் கொடுக்கப்படும் தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் படித்தால் புரியும் தமிழில் திருத்தி எழுதுவது என் வேலை. பெரும்பாலும் எனக்கு முன் வேறொருவர் செய்த தமிழாக்கம்தான் கைக்கு வரும். அதைத் திருத்தி முடித்த பின், ஆங்கில மூலத்தைப் பார்த்திராத ஒருவரிடம் என் தமிழை மட்டும் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்வோம். பிறகு மூன்றாவது ஒருவர், மூல ஆங்கிலம், தமிழ், திரும்பி வந்த ஆங்கிலம் ஆகிய மூன்றையும் அட்டவணையில் பக்கம் பக்கமாக வைத்து வரிவரியாக ஒப்பிடுவார்.

அண்மையில் ஒரே பத்தி எங்களை மூன்று முறை திரும்பிப் பார்க்க வைத்தது. ஆய்வில் சேருவது கட்டாயமில்லை என்றும், நடுவில் விலகினாலும் சிகிச்சை பாதிக்கப்படாது என்றும் மூலம் கூறியது. எனக்கு வந்த பழைய தமிழ் இப்படி இருந்தது: "இவ்வாய்வில் தங்களது பங்கேற்பு தன்னார்வமானது ஆகும். தாங்கள் விலக முடிவெடுக்கும் பட்சத்தில் தங்களுக்கு வழங்கப்படும் மருத்துவப் பராமரிப்பு பாதிக்கப்படமாட்டாது." இதை ஆங்கிலத்துக்குத் திருப்பியபோது மூலமே திரும்பி வந்ததுபோல் சொல்லுக்குச் சொல் பொருந்தியது. ஆனால் வெளிநோயாளிகள் சிலரிடம் இதைப் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டபோது, இருவர் இதைச் சம்பளமில்லாத தொண்டு வேலை என்று எண்ணியிருந்தார்கள். தன்னார்வம் என்றதும் அவர்கள் நினைவுக்கு வந்தது தன்னார்வத் தொண்டு நிறுவனம்தான்.

எனவே எங்கள் குழுவில் ஒருவர் அதை மாற்றினார்: "இந்த ஆய்வில் சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம். நீங்கள் சேர வேண்டாம். நடுவில் நின்றுவிட்டாலும் உங்கள் சிகிச்சையில் எந்தக் குறையும் இருக்காது." கேட்க இயல்பாக இருந்தது. ஆனால் திரும்பி வந்த ஆங்கிலத்தில் இரண்டாவது வாக்கியம், சேராதீர்கள் என்று தடுக்கும் கட்டளையாக இருந்தது. சேர வேண்டியதில்லை என்ற பொருளில்தான் அவர் எழுதினார். எழுத்தில் அது தடையாகிவிட்டது. மூன்றாவது வாக்கியம் இன்னும் நுட்பமானது. சிகிச்சை குறையில்லாமல் அமையும் என்ற உறுதிமொழியாக அது திரும்பி வந்தது. மூலம் அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இப்போது கிடைப்பது விலகியதால் மாறாது என்று மட்டுமே சொன்னது. இறுதியில் "சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை" என்றும், "இப்போது கிடைக்கும் சிகிச்சை அப்படியே தொடர்ந்து கிடைக்கும்" என்றும் எழுதினோம். இவை சரியான பொருளில் திரும்பின.

பொருள் பிசகியதை இந்த முறை பிடித்துக் கொடுத்தது. ஆனால் பழைய தமிழின் விறைப்பை அது கண்டுகொள்ளவே இல்லை. அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தது. அந்த விறைப்பைக் கண்டறிய நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கோயம்புத்தூர், ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

உங்கள் சிக்கலுக்குக் காரணம், திருப்பி எழுதுபவரின் தேர்வு என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்தான் பின்மொழிபெயர்ப்பைச் செய்ய வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அப்படிப்பட்டவரிடம் கொடுத்தால், தமிழ் விறைப்பாக இருக்கும் இடத்தில் அவருடைய ஆங்கிலமும் விறைத்துப் போகும். நாம் உடனே கண்டுகொள்ளலாம். எங்கள் ஆய்வு ஒன்றில் அத்தகைய ஒருவர் கிடைத்தார். அவர் கொடுத்த ஆங்கிலம் மிகத் தெளிவாக இருந்ததால் படிவமும் எந்தக் கேள்வியும் இல்லாமல் நெறிமுறைக் குழுவைக் கடந்தது.

திருச்சி, ஓய்வுபெற்ற பொதுச் சுகாதார ஆய்வாளர்

கோவை நண்பர் சொல்லும் நெறி உண்மையானதுதான். 2000-இல் பீட்டனும் உடன் எழுதியவர்களும் வெளியிட்ட வழிமுறை, மூலமொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே திருப்பி எழுத வேண்டும் என்கிறது. ஆனால் அதன் நோக்கம் தமிழில் உள்ள பொருள் பிசகை வெளிக்கொணர்வதே. விறைப்பைக் காட்டித் தரும் என்று அதில் எதிர்பார்க்க முடியாது. அதே வழிமுறை, திருப்பி எழுதியதோடு நிற்காமல், 30 முதல் 40 பேரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் நேரம் போதவில்லை என்று முதலில் கைவிடப்படுவது இந்தப் பகுதிதான்.

விறைத்த தமிழ் ஏன் அழகாகத் திரும்புகிறது என்பதைச் சொல்கிறேன். "சேகரிக்கப்படும்" என்ற சொல்லைப் பார்த்தவுடன், அதற்கு அடியில் இருக்கும் ஆங்கிலச் செயப்பாட்டு வினை இருமொழியும் அறிந்தவருக்குக் கண்ணாடிபோல் தெரிந்துவிடும். அவர் தமிழைப் படித்துப் புரிந்துகொண்டு எழுதுவதில்லை. மறைந்திருக்கும் ஆங்கில வாக்கியத்தை மீட்டெடுக்கிறார். மூலத்தை ஒட்டி ஒட்டி எழுதப்பட்ட தமிழுக்குத்தான் இந்தச் சோதனையில் அதிக மதிப்பெண் விழும். "உங்கள் கையிலிருந்து 5 மில்லி ரத்தம் எடுப்போம்" என்று நல்ல தமிழில் எழுதினால், ஒப்பிடுபவர், மூலத்தில் இல்லாத "நாங்கள்" எங்கிருந்து வந்தது என்று கேட்பார். பின்மொழிபெயர்ப்பு முறையை 1970-இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் விரிவாக எழுதியபோதே, அது பொய்யான நிறைவைத் தரக்கூடும் என்ற எச்சரிக்கையும் இருந்தது.

ஆகவே நான் திருப்பி எழுதுபவரிடம் இரண்டு வேலைகளைக் கேட்பேன். முதலில், தமிழ்ச் சொல்வரிசை தெரியும்படி, அழகுபடுத்தாமல் எழுதித் தர வேண்டும். அடுத்து, தாளை மூடி வைத்துவிட்டு, படித்ததைத் தம் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குச் சொல்வதுபோல் பேச்சுத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்துகொள்வோம். எழுத்தில் சரியாகத் திரும்பிய வாக்கியம் பேச்சில் தடுமாறினாலோ, அவர் அதை முற்றிலும் வேறு சொற்களால் சொன்னாலோ, அந்த இடத்தில்தான் விறைப்பு இருக்கிறது என்று கொள்வேன். இரண்டாம் முறை படிக்க நேர்ந்த வரியின் ஓரத்தில் கோடிடவும் சொல்வேன்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஆங்கிலத்துக்குத் திருப்பும்போது காணாமலேயே போகும் வேறுபாடுகள் சில உண்டு. "உங்கள் ரத்தத்தை நாம் பாதுகாத்து வைப்போம்" என்றாலும் "நாங்கள்" என்றாலும் திரும்பி வரும் ஆங்கிலம் ஒன்றுதான். ஆனால் "நாம்" என்று படித்த நோயாளி, தம்மையும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று எண்ணக்கூடும். ரத்தம் யார் வசம் இருக்கும் என்பது ஒப்புதலின் நடுநாயகமான செய்தி. அட்டவணையில் அந்தப் பிழை ஒருபோதும் தெரியாது.

நாகர்கோவில், சிறுகதை மொழிபெயர்ப்பாளர்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டு செல்வது பற்றி என்பதால் எழுதுகிறேன். வட்டார வழக்கு நிறைந்த கதைகளை ஆங்கிலமாக்கும்போது, உறவுப்பெயர்களை அப்படியே வைப்பதா மாற்றுவதா என்பதுதான் எனக்குப் பெரிய சிக்கல். ஆங்கிலம் இயல்பாக ஓட வேண்டும் என்பதற்காக நான் வாக்கியங்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுவேன். நீங்களும் ஆங்கில வாசகர் ரசிக்கும்படி திருப்பி எழுதச் சொன்னால் விறைப்பு தானாக நீங்கிவிடும்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்

ஐயா, எங்கள் ஆங்கிலத்தை வாசகர் எவரும் படிக்கப் போவதில்லை. தமிழைச் சோதித்த பின் அதன் வேலை முடிந்துவிடும். அது இயல்பாக ஓடினால்தான் எங்களுக்கு இடையூறு. "நீங்கள் சேர வேண்டாம்" என்பதை, எழுதியவர் நினைத்த பொருள் இதுவாகத்தான் இருக்கும் என்று கருதி உங்களைப் போன்ற தேர்ந்த ஒருவர் நயமாகச் சரிசெய்து கொடுத்திருந்தால், அந்தப் பிழை அச்சுக்கே போயிருக்கும்.

திருச்சி ஐயா சொன்ன வாய்மொழிப் பதிவை அடுத்த படிவத்திலேயே செய்து பார்க்கிறேன்.

மதுரை, மனநலப் பிரிவுச் செவிலியர்

என் அனுபவம் படிவம் பற்றியதன்று, கேள்வித்தாள் பற்றியது. மனச்சோர்வைக் கண்டறியும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில், கடந்த 2 வாரங்களில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு, 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவோம். எங்களிடம் இருந்த தமிழ் வடிவத்தில் 1 மதிப்பெண்ணுக்கு "பல நாட்கள்" என்றும், 2 மதிப்பெண்ணுக்கு "பாதிக்கு மேற்பட்ட நாட்கள்" என்றும் இருந்தது. நான் வாசித்துக் காட்டும்போது, 14 நாட்களில் 10 நாள் தூக்கமில்லை என்று சொன்ன ஒருவர் "பல நாட்கள்" என்பதையே தேர்ந்தெடுத்தார். அவர் காதில் "பல" என்பதுதான் பெரிதாக ஒலித்தது. "பாதி" என்பது குறைவாகத் தோன்றியது.

அந்தத் தமிழை ஆங்கிலத்துக்குத் திருப்பிய தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நான்கு விடைகளும் மூலத்தோடு பிசிறில்லாமல் பொருந்தியிருந்தன. "சில நாட்கள்" என்று மாற்றலாம் என்று நான் சொன்னபோது, அது ஆங்கிலத்தில் இன்னும் குறைந்த எண்ணிக்கையாகத் திரும்புகிறது என்று மறுத்துவிட்டார்கள். நோயாளிகள் வரிசையைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியமா, திரும்பி வரும் சொல் பொருந்துவது முக்கியமா என்று இங்குள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

திருச்சி, ஓய்வுபெற்ற பொதுச் சுகாதார ஆய்வாளர்

சகோதரி, உங்கள் கவனிப்பு சரியானது. விடைகளைத் தனித்தனியே திருப்பியதுதான் குறை. நான்கு சீட்டுகளில் நான்கு விடைகளையும் எழுதிக் கலைத்துக் கொடுத்து, குறைவிலிருந்து மிகுதிக்கு அடுக்கச் சொல்லுங்கள். பலர் "பல நாட்கள்" சீட்டை "பாதிக்கு மேற்பட்ட நாட்கள்" சீட்டுக்கு மேலே வைத்தால், அதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. ஆனால் மருத்துவமனையில் நீங்களாகவே சொல்லை மாற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே மதிப்பீடு செய்யப்பட்ட வடிவத்தில் ஒரு விடை மாறினாலும், முன்பு எடுத்த மதிப்பெண்களோடு இனி வருபவற்றை ஒப்பிட முடியாது. மாற்றத்தை முன்மொழிந்து, புதிய வடிவத்தை மீண்டும் சோதிக்கச் செய்வதே முறை.

கோயம்புத்தூர், ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

தெளிவான ஆங்கிலம் வந்ததை வைத்தே எங்கள் படிவம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தோம். நோயாளிகளிடம் படித்துக் காட்டவில்லை. இருந்தாலும் ஓர் ஐயம் உண்டு. ஆய்வை நடத்தும் நிறுவனம் கேட்பது பின்மொழிபெயர்ப்பும் அதற்கான சான்றிதழும் மட்டுமே. பேச்சுப் பதிவு, சீட்டு அடுக்குதல் இவற்றையெல்லாம் எந்தத் தாளில் காட்டுவது?

சென்னை, மொழிபெயர்ப்பாளர்

நாங்கள் ஒப்பீட்டு அட்டவணையில் நான்காவது நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, மூலத்திலிருந்து விலகிய ஒவ்வொரு இடத்துக்கும் காரணத்தை எழுதுகிறோம். மருத்துவச் சொற்களைத் தவிர்த்து, பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் தகவல் இருக்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் மருந்து ஆய்வு விதிகளே கேட்பதால், அந்தக் காரணங்களை நெறிமுறைக் குழு பெரும்பாலும் ஏற்கிறது.

ஏற்க மறுத்த ஓர் இடத்தையும் சொல்கிறேன். எந்த மருந்து யாருக்கு என்பதை நாணயத்தைச் சுண்டுவதுபோல் முடிவு செய்வோம் என்று மூலம் கூறியது. "பூவா தலையா போட்டுப் பார்ப்பதுபோல்" என்று எழுதினேன். படித்துக் காட்டிய அனைவருக்கும் உடனே புரிந்தது. ஆனால் ஆங்கிலத்தில் அது மலர், தலை என்று திரும்பியதால் நிறுவனத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். விளக்கம் கொடுத்த பின் குழுவில் ஒரு மருத்துவர், உயிர் சம்பந்தப்பட்ட முடிவை விளையாட்டாக எடுப்பதாக நோயாளி வருந்தக்கூடும் என்றார். "குலுக்கல்" என்று போடலாம் என்றார் இன்னொருவர். அதில் பரிசு விழுந்தவர், விழாதவர் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இப்போதைக்கு "மருத்துவரோ நீங்களோ தேர்ந்தெடுக்க முடியாது, கணினி எந்த முன்திட்டமும் இல்லாமல் ஒன்றை ஒதுக்கும்" என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் சரியாகவே திரும்புகிறது. ஆனால் கேட்டவர்களில் சிலர், கணினி தம் நோயை ஆராய்ந்து ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்கும் என்று நினைக்கிறார்கள். இதற்கு நல்ல தமிழ் வாக்கியம் வைத்திருப்பவர்கள், அது எப்படித் திரும்பியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.