மேற்குப் பார்த்த தாழ்வாரம்: மூங்கில் தட்டியா, துணி ஆனிங்கா?

மாம்பலம் வாசி:
சென்னை மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுத் தாழ்வாரம் நேர் மேற்கைப் பார்த்தது. நீளம் 20 அடி, அகலம் 6 அடி, உத்திரத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து 8 அடி உயரம், இடையில் 2 தூண்கள். கோடையில் பிற்பகலுக்குப் பிறகு அப்பாவால் அங்கே உட்கார முடிவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் இடியுடன் வரும் மழையின் சாரல் உட்சுவர் வரை அடிப்பதால், கதவு நிலையின் அடிப்பகுதி ஊறி உப்பத் தொடங்கிவிட்டது. சுருட்டி ஏற்றும் மூங்கில் தட்டி போடுவதா, வெளியே நீட்டும் துணி ஆனிங் போடுவதா? இந்த ஆண்டு இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது.

ஆனிங் தொழில்:
ஐயா, மழை அடிக்கும் இடத்தில் மூங்கிலை மாட்டினால் சில பருவங்களில் கறுத்து, நூல் அறுந்து, குப்பைக்குத்தான் போகும். 4 அடி நீட்டத்தில், அந்த 4 அடிக்குள் 1 அடியாவது இறங்கும்படி சரிவு கொடுத்து ஆனிங் போட்டுவிட்டால் வெயில், மழை இரண்டும் வாசலுக்கு வெளியே நின்றுவிடும். சரிவைக் குறைத்தால் துணி தொய்ந்து நடுவில் தண்ணீர் தேங்கும். ஒரு கன அடித் தண்ணீரின் எடை ஏறத்தாழ 28 கிலோ என்பதால், தேங்கத் தொடங்கிய துணி மேலும் தொய்ந்து மேலும் தேக்கி, கடைசியில் இரும்புக் கைகளை வளைத்துவிடும். துணியைப் பொறுத்தவரை சாதாரணத் தார்ப்பாய் வேண்டாம், அது வெயிலில் பொடிந்து கிழியும். நூலிலேயே சாயம் ஏற்றிய அக்ரிலிக் துணி வெளிறாமல் நெடுநாள் நிற்கும். பிவிசி பூசிய துணி ஒரு சொட்டும் விடாது, ஆனால் அதன் அடியில் புழுக்கம் கூடும்.

கட்டட வரைவாளர்:
சரிவைப் பற்றியும் துணியைப் பற்றியும் சொன்னவை சரியானவை. ஆனால் வெயிலும் வெளியே நின்றுவிடும் என்பது மேற்குப் பார்த்த தாழ்வாரத்துக்குப் பொருந்தாது. மார்ச் மாதம் மூன்றாம் வாரத்தில் சென்னையில் மாலை 4:15 மணி அளவில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் இருக்கும். இன்னும் ஒரு மணி நேரத்தில் அது 15 பாகைக்கு இறங்கிவிடும். நீங்கள் சொன்ன ஆனிங்கின் வெளிவிளிம்பு தரையிலிருந்து 7 அடி உயரத்தில், தாழ்வாரத்துக்கு 4 அடி வெளியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4:15 மணிக்கு அந்த விளிம்புக்குக் கீழே நுழையும் கதிர் உட்சுவரில் 1 அடி உயரத்துக்குச் சற்று மேலே படும். அதுவரை ஆனிங் நன்றாகவே காக்கிறது. 5:15 மணிக்கோ அதே விளிம்புக்கு அடியில் புகும் கதிர் உட்சுவரில் 4 அடிக்கு மேலே ஏறிவிடும். சுவரை ஒட்டிச் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெரியவரின் முகத்தில் நேராக வெயில் அடிக்கும் உயரம் அது. தாழ்ந்து வரும் வெயிலை மறிக்க, செங்குத்தாகத் தொங்கும் ஏதாவது ஒன்று வேண்டும். அது மூங்கிலாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

மழையில் கணக்கு மாறுகிறது. பலத்த காற்றில் துளிகள் 45 பாகை சாய்ந்து விழுவதாகக் கொண்டால், இப்போது 8 அடி உயர உத்திரத்துக்கு அடியில் புகும் சாரல் 6 அடி அகலத்தையும் கடந்து, உட்சுவரில் 2 அடி உயரம் வரை நனைக்கும். கதவு நிலையின் அடிப்பகுதி உப்பியதற்குக் காரணம் இதுவே. ஆனிங் இருந்தால் அதே சாரல் தாழ்வாரத்தின் முதல் 3 அடியோடு நின்றுவிடும்.

நாகர்கோவில் அம்மா:
எங்கள் வீட்டிலும் தாழ்வாரம்தான், ஆனால் எங்களுக்கு வெயில் ஒரு தொல்லையாகவே இருந்ததில்லை. 3 அடி ஆனிங் மட்டும் போட்டிருக்கிறோம். நண்பகலில் தரையில் வெயிலே படுவதில்லை. அதற்கு முன்பு மூங்கில் தட்டி மாட்டியிருந்தோம். ஜூன் மாதத்தில் மழை விட்டுவிட்டு நாள் முழுவதும் பெய்யும். ஒவ்வொரு முறையும் ஈரத்தோடு சுருட்டி மேலே கட்டிவிடுவோம். பருவம் முடிந்து இறக்கிப் பார்த்தபோது உட்சுருள் முழுவதும் கரும்புள்ளிகள். கை பட்ட இடத்தில் பருத்தி நூல் இற்று உதிர்ந்தது. ஆகவே தம்பி, மூங்கிலுக்குப் பணம் போடாதீர்கள் என்பதே என் கருத்து.

கட்டட வரைவாளர்:
அம்மா, உங்கள் தாழ்வாரம் எந்தத் திசையைப் பார்த்தது?

நாகர்கோவில் அம்மா:
தெற்கு.

கட்டட வரைவாளர்:
அதனால்தான் 3 அடி போதுமானதாக இருக்கிறது. நாகர்கோவிலில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் வானத்தின் வடபாதியில் இருப்பதால், அந்த மாதங்களின் உச்சிவெயில் தெற்குத் தாழ்வாரத்துக்குள் வருவதே இல்லை. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்தாலும் நண்பகலில் 58 பாகை உயரத்தில் நிற்கிறது. குறுகிய ஆனிங்கே அதை மறித்துவிடும். மேற்குத் தாழ்வாரத்துக்கு அந்த வசதி கிடையாது. மழையில் உங்கள் தட்டிக்கு நேர்ந்தது மட்டும் மாம்பலத்திலும் நேரக்கூடியதே.

தட்டி கட்டும் குடும்பம்:
தட்டியைக் கெடுத்தது மழையன்று, ஈரத்தோடு சுருட்டியதுதான் என்பதை அம்மா எழுதியதிலிருந்தே காணலாம். நனைந்த தட்டியை இறக்கியபடியே விட்டால், பிளாச்சுகளின் இடைவெளியில் காற்று புகுந்து உலர்த்திவிடும். சுருட்டினால் நடுச்சுருளுக்குக் காற்றே போகாது. இரண்டாவதாக, எந்த மூங்கில் என்று பார்க்க வேண்டும். மூங்கிலின் வெளித்தோல் பகுதி வழவழப்பாகவும் இறுகியும் இருக்கும். தண்ணீர் எளிதில் இறங்காது. உட்பகுதி பஞ்சு போன்றது, மாவுச்சத்து மிகுந்தது. பூஞ்சணமும் வண்டும் அங்கேதான் பிடிக்கும். விலை குறைந்த தட்டிகளில் பெரும்பாலும் உட்பகுதிப் பிளாச்சுகளையே சாயம் பூசிக் கோத்திருப்பார்கள். வாங்கும்போது ஒரு பிளாச்சைத் திருப்பிப் பாருங்கள். ஒரு முகமாவது தோலின் பளபளப்போடு இருக்க வேண்டும். தட்டிக்கு நேர் கீழே தரையில் மாவு போன்ற நுண்ணிய தூள் கொட்டிக் கிடந்தால் வண்டு உள்ளே துளைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தத் தட்டியை மற்றவற்றின் அருகில் வைக்கக் கூடாது. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்த மூங்கிலா என்று கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். கோக்கும் நூல் பருத்தியாக இருக்கக் கூடாது, நைலான் கேளுங்கள்.

ஆனிங் தொழில்:
நான் தொங்கும் திரைக்கு எதிரானவன் அல்லன். ஆனிங்கின் முன்விளிம்பிலிருந்து துணித் திரையையே இறக்கலாமே? ஒரே துணி, ஒரே நிறம், பூஞ்சணக் கவலையும் குறைவு.

கட்டட வரைவாளர்:
வெயிலுக்கு அது சரியான விடைதான். சென்னையின் மாலை மழை காற்றோடு வருவதுதான் சிக்கல். காற்றின் வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். மணிக்கு 54 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 15 மீட்டர். அழுத்தம் 135 நியூட்டன். தூண்களுக்கு இடையே ஆறரை அடி அகலமும் 7 அடி உயரமும் கொண்ட மூடிய திரை ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 4.2 சதுர மீட்டர். ஆக ஒரே திரையில் 50 கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமமான தள்ளுவிசை விழுகிறது. நீங்கள் சொல்லும் அமைப்பில் அந்த விசை நீட்டிய கைகளின் நுனிக்குப் போய், அங்கிருந்து நெம்புகோலாகச் சுவரில் பதித்த போல்ட்டுகளைப் பிடுங்கும். உத்திரத்திலிருந்தே தொங்கும் தட்டியில் இடைவெளிகள் வழியே காற்றின் ஒரு பகுதி ஊடுருவிவிடும்; மிஞ்சும் விசையும் உத்திரத்தில் நேராக இறங்கும்.

ஆனிங் தொழில்:
புயல் காற்றில் எதையும் இறக்கி வைக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதே விதி உங்கள் தட்டிக்கும் உண்டு. மழை தொடங்கும்போது தட்டியைச் சுருட்ட வேண்டும் என்றால், சாரலிலிருந்து கதவு நிலையை யார் காப்பது?

தட்டி கட்டும் குடும்பம்:
எல்லா மழைக்கும் சுருட்ட வேண்டியதில்லை. கீழ்க்கம்பின் இரு முனைகளையும் தூண்களில் உள்ள வளையங்களோடு, ஒரு சாண் ஆடுவதற்கு இடம் விட்டுக் கயிற்றால் கட்டினால், மிதமான காற்றைத் தட்டி தாங்கிக்கொள்ளும். இறுக்கிக் கட்டினால் நடுவில் உப்பிப் பிளாச்சுகள் முறியும். கட்டாமலே விட்டால் கம்பு தூணில் மோதிக்கொண்டே இருக்கும். மரங்கள் வளைந்தாடும் காற்று வந்தால் சுருட்டத்தான் வேண்டும். அன்று நனைந்தபடி சுருட்ட நேர்ந்தால், மழை விட்டதும் மீண்டும் இறக்கிவிடுங்கள். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்கிலிருந்து அடிப்பதால் உங்கள் தட்டி நனையாது. ஆனால் அந்த ஈரப்பதத்தில் மாதக்கணக்கில் சுருட்டியே வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் தெரியும் நாளில் இறக்கி ஆறவிடுங்கள்.

மாம்பலம் வாசி:
அனைவருக்கும் நன்றி. இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். அப்பாவின் தோள்பட்டை பழுதடைந்திருப்பதால் கனமான தட்டியை இழுத்து ஏற்ற அவரால் இயலாது. பகலில் வீட்டில் அவர் மட்டுமே இருப்பார். மேலும், கடைக்காரர் தட்டியின் பின்புறம் துணி தைத்துத் தருவதாகவும், அப்போது ஒளிக்கீற்றுகள் உள்ளே வராது என்றும் சொல்கிறார்.

தட்டி கட்டும் குடும்பம்:
20 அடிக்கும் ஒரே தட்டியாகப் போடவே கூடாது. தூண்களுக்கு இடையே மூன்று தட்டிகளாகப் போட்டால் ஒவ்வொன்றின் எடையும் குறையும். சுமையைப் பாதியாக்கும்படி கயிற்றைத் தட்டியின் அடியில் சுற்றி மேலே கொண்டுவந்து, உலோகக் கப்பிகள் வழியே இறக்கச் சொல்லுங்கள். பின்புறத் துணி வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். துணி தண்ணீரைப் பிடித்து மூங்கிலோடு ஒட்டவைக்கும். உலர்வதற்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போகும்.

கட்டட வரைவாளர்:
இதில் நான் வேறுபடுகிறேன். தாழ்ந்த மாலை வெயிலில் இடைவெளி வழியே வரும் கீற்றுகள், வயதான கண்களுக்குத் திறந்த வெயிலைவிட அதிகக் கூச்சம் தரும். துணி தைத்த தட்டி காற்றை முழுதாகப் பிடிக்கும் என்பதையும் ஏற்கிறேன். துணியைத் தட்டியோடு தைக்காமல், உட்புறத்தில் அரை அடி தள்ளித் தனிக் கம்பியில் தொங்கவிடலாம் என்பது என் எண்ணம்.

ஆனிங் தொழில்:
அதற்கு நிழல்வலை போதும், அது தண்ணீரைப் பிடிக்காது. ஆனாலும் ஒரே ஒன்றுக்குப் பணம் இருக்கிறது என்றால், கூசும் கண்ணுக்கு நாற்காலியை நகர்த்தலாம், உப்பும் கதவு நிலையை நகர்த்த முடியாது என்றே இன்னும் சொல்வேன். முதலில் ஆனிங், அடுத்த ஆண்டு தட்டி. தட்டியின் சுருள் ஆனிங்கின் அடியில் நனையாமல் இருக்கும் என்பதால் மூங்கிலுக்கும் அதுவே நல்லது.

கட்டட வரைவாளர்:
அப்பா நாள்தோறும் உட்காரும் இடம் என்பதால் நான் தட்டியையே முதலில் வைப்பேன். கதவு நிலையின் அடியை இழைத்து, நன்றாக உலர்ந்த பிறகு பெயின்ட் பூசினால் ஓர் ஆண்டு தாங்கும். ஆனிங்கைத் தேர்ந்தெடுத்தாலும் போல்ட் போடுமுன், உத்திரம் கான்கிரீட்டா, சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல்லா என்று பூச்சைத் தட்டிப் பாருங்கள். பழைய செங்கல்லில் சாதாரண போல்ட் முதல் பலத்த காற்றிலேயே காரையோடு பெயர்ந்து வரும்.

மாம்பலம் வாசி:
பூச்சை ஓரிடத்தில் கொத்திப் பார்த்தேன். செங்கல்தான், காரை விரலால் தேய்த்தாலே உதிர்கிறது. ஆகவே இந்த ஆண்டு தட்டிதான். இரண்டு பிரிவுகளுக்குத் துணி இல்லாமலும், அப்பாவின் நாற்காலிக்கு நேர் எதிரே உள்ள பிரிவில் நிழல்வலையைத் தனிக் கம்பியிலும் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

நாகர்கோவில் அம்மா:
தம்பி, செங்கல்லில் ஆனிங் நிற்காது என்றால் தட்டியின் கொக்கி மட்டும் எப்படி நிற்கும்?

தட்டி கட்டும் குடும்பம்:
சரியான கேள்வி. கொக்கியை உத்திரத்தில் அடிக்க வேண்டாம். தூணுக்குத் தூண் ஒரு இரும்புக் குழாயை வளையப் பட்டைகளால் பிணைத்து, தட்டியை அந்தக் குழாயில் தொங்கவிடுங்கள். தூண்கள் கல்லா, செங்கல்லா என்பதை மட்டும் எழுதுங்கள், பட்டையின் அளவைச் சொல்கிறேன்.