நீக்க அறிவிப்பில் எந்தப் பிரிவு போட்டிருந்தது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

நிழற்குடை

என் தங்கையின் வீடியோ சேனலுக்குத் திரைமறைவு வேலைகள் பார்ப்பது நான்தான். வங்கியிலிருந்து வருவதுபோல வரும் போலிக் குறுஞ்செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவள் போட்ட வீடியோ ஒன்றைத் தூக்கிவிட்டார்கள். மெயிலில் சொன்ன காரணம்: ஸ்பேம், ஏமாற்றுச் செயல்கள், மோசடி தொடர்பான கொள்கை மீறல்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மோசடியைப் பற்றி எச்சரித்தால் மோசடி என்கிறார்களே என்று, "இது விழிப்புணர்வு வீடியோ" என அப்பீலை அப்போதே தட்டப் போனாள். அந்தத் தளத்தில் ஒரு நீக்கத்துக்கு ஒரு அப்பீல்தான். அதனால் கொஞ்சம் பொறு என்றேன்.

அந்தப் பிரிவின் பெயரைக் கிளிக் செய்தால் கொள்கைப் பக்கம் திறக்கும். தலைப்பு ஒன்றுதான், உள்ளே பல கிளைகள். ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடுவது, தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் சம்பந்தமில்லாமல் ஆளை இழுப்பது, பணம் பறிக்கும் திட்டங்கள், கடைசியில் டிஸ்கிரிப்ஷனில் கொடுக்கும் வெளி இணைப்புகள். இதில் எது என்று மெயில் சொல்லவில்லை. ஆனால் ஒரு துப்பு இருந்தது. வீடியோவுக்குள் ஏதாவது பிரச்சினை என்றால் எந்த நிமிடம், எந்த நொடி என்று காட்டும் தளம் அது. இதில் நேரம் எதுவும் இல்லை. அப்படியானால் கோளாறு வீடியோவுக்கு வெளியே இருக்கலாம்.

டிஸ்கிரிப்ஷனில் இருந்த இணைப்புகளை லாகின் செய்யாத பிரவுசரில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். புகார் செய்யும் முறையை விளக்கிய ஒரு சின்னத் தளத்தின் இணைப்பு இப்போது நேராகச் சூதாட்டப் பக்கத்துக்குப் போகிறது. பழைய உரிமையாளர் டொமைனைப் புதுப்பிக்காமல் விட, யாரோ வாங்கியிருக்கிறார்கள். இதைவிட மோசம் என்னவென்றால், அந்த இணைப்பு அப்லோட் டீஃபால்ட்டில் உட்கார்ந்திருந்தது. அதாவது சேனலின் பெரும்பாலான வீடியோக்களில் அதே வரி.

எனவே அப்பீலுக்கு முன் மற்ற எல்லா வீடியோக்களிலிருந்தும் அந்த வரியை எடுத்தோம், டீஃபால்ட்டையும் மாற்றினோம். பிறகுதான் அப்பீல்: இணைப்பு கொடுத்தபோது அந்தத் தளம் என்னவாக இருந்தது (web.archive.org-இல் பழைய நகல் கிடைத்தது), இப்போது என்னவாகிவிட்டது, மற்ற வீடியோக்களில் நீக்கியாயிற்று. விழிப்புணர்வு என்ற சொல்லையே எழுதவில்லை.

அப்பீல் தள்ளுபடி. ஆனால் முதல் முறை என்பதால் எச்சரிக்கையோடு நின்றது, மற்ற வீடியோ எதுவும் போகவில்லை. உங்களுக்கு வந்த அறிவிப்பில் பிரிவு என்ன சொன்னது, அதை வைத்து என்ன செய்தீர்கள்?

அதிரடி_அருள்

ப்ரோ, இவ்வளவு ஆராய்ச்சியே தேவையில்ல. எது நீக்கினாலும் கவுன்டர் நோட்டீஸ் ஒண்ணு தட்டிவிடுங்க. அமெரிக்கச் சட்டப்படி 14 நாள்ல திரும்பப் போட்டே ஆகணும். என் ஃப்ரெண்டுக்கு அப்படித்தான் வந்துச்சு.

பழைய மேசை

அருள் தம்பி, உங்கள் நண்பருக்கு வந்தது காப்புரிமை நீக்கமாக இருந்திருக்கும். 1998-இல் வந்த டிஎம்சிஏ சட்டத்தில் இருக்கும் வழி அது, காப்புரிமைக்கு மட்டும். நிழற்குடைக்கு வந்தது தளத்தின் சொந்த விதி. அதற்குக் கவுன்டர் நோட்டீஸ் அனுப்பினால் படிப்பதற்கே ஆள் இல்லை.

நான் வெளி நிறுவனம் ஒன்றில் சில வருடம் அப்பீல் வரிசையில் உட்கார்ந்தவன். எந்தத் தளத்துக்கு என்று கேட்காதீர்கள். அறிவிப்பு வந்ததும் நான் முதலில் பார்ப்பது, இது யாருடைய விதி என்பதை. தளத்தின் விதி என்றால் முடிவெடுப்பது தளத்தின் ஆள். காப்புரிமை, வணிகமுத்திரை என்றால் வேறொருவர் புகார் கொடுத்திருக்கிறார், சாவி பெரும்பாலும் அவர் கையில். "சட்டக் கோரிக்கை" என்று வந்தால் நீதிமன்றமோ அரசு அமைப்போ சொன்னதைத் தளம் செய்திருக்கிறது. அங்கே "நான் விதியை மீறவில்லை" என்று தளத்திடம் வாதாடுவது வீண். உத்தரவு போட்ட இடத்துக்குத்தான் போக வேண்டும். பல நேரம் அந்தப் பதிவு ஒரு நாட்டில் மட்டும் மறைந்திருக்கும், வெளியே தெரியும். அதைப் பார்த்தே வகையை ஊகிக்கலாம்.

தளத்தின் விதி என்றால் எங்கள் திரையில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். நீக்கிய பதிவு, அதன்மேல் ஒட்டிய பிரிவு, யாராவது புகார் செய்ததா தானியங்கியாகப் பிடித்ததா என்ற குறிப்பு, நீங்கள் எழுதிய சில வரிகள். எங்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: ஒட்டிய பிரிவு இதற்குப் பொருந்துமா? "பத்து வருடமாக இருக்கிறேன், இதுதான் என் வருமானம்" என்று எழுதுவார்கள். மனசு கஷ்டப்படும், ஆனால் கேள்விக்குப் பதில் அதில் இருக்காது.

ஒரு உதாரணம். ஒரு நையாண்டிக் கணக்கை "ஆள்மாறாட்டம்" என்று நீக்கினார்கள். அவர் அப்பீலில் கருத்துச் சுதந்திரம் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருந்தார். நாங்கள் பார்ப்பது பெயர், புகைப்படம், இது நையாண்டி என்று சுயவிவரத்தில் தெரியும்படி இருக்கிறதா என்பதைத்தான். அது எங்கும் இல்லை. இதே ஆள் "வெறுப்புப் பேச்சு" என்ற பிரிவில் நீக்கப்பட்டிருந்தால் அந்தக் கட்டுரையில் சில வரிகளாவது உதவியிருக்கும்.

வயலின்ரசிகை

பழைய மேசை அண்ணா சொன்னதோடு என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்புரிமைக்குள்ளேயே இரண்டு வகை உண்டு. மிகப் பழைய மெட்டு ஒன்றை நானே வாசித்துப் போட்டதற்கு முன்பு வந்தது "உரிமைக் கோரல்". தானியங்கி ஏதோ ஒரு ஒலிப்பதிவோடு பொருத்திப் பார்த்துப் பிடித்தது. வீடியோ அப்படியே இருந்தது, விளம்பர வருமானம்தான் அந்தப் பக்கம் போனது. கவுன்டர் நோட்டீஸுக்கு அங்கே வேலையே இல்லை. "மறுப்பு" என்ற பொத்தானை அழுத்தி, மெட்டுக்கு இப்போது உரிமை யாருக்கும் இல்லை, வாசிப்பும் பதிவும் என்னுடையவை என்று எழுதினேன். விட்டுவிட்டார்கள்.

அடுத்தது "காப்புரிமை நீக்கம்". ஒரு ஆள் படிவம் நிரப்பிப் புகார் செய்தது. அப்போதுதான் அருள் சொன்ன வழி திறக்கும், அதுவும் அவர் சொன்ன மாதிரி சுலபம் இல்லை. பெயர், முகவரி, தொலைபேசி எண் கொடுக்க வேண்டும், அது புகார் செய்தவருக்குப் போகும். தவறுதலாக நீக்கப்பட்டது என்று நம்புவதாக, பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு உறுதிமொழி. அமெரிக்க நீதிமன்ற அதிகார வரம்பை ஏற்கிறேன் என்று ஒரு வாசகம். அதற்குப் பிறகு 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் திரும்பப் போட வேண்டும் என்பது சரி, ஆனால் அதற்குள் அவர் வழக்குப் போட்டால் வராது.

முன்பின் தெரியாத ஒருவருக்கு வீட்டு முகவரி தர எனக்கு மனம் வரவில்லை. அறிவிப்பிலேயே புகார் செய்தவர் பெயரும் மெயிலும் இருந்தது. எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை அவர்களுடையது என்கிறார்கள் என்று நேராகக் கேட்டேன். வேறொருவருடைய வீடியோவோடு குழப்பிக்கொண்டார்களாம், புகாரைத் திரும்பப் பெற்றார்கள். ஸ்டிரைக்கும் போனது. எல்லோரும் அப்படி இறங்கி வருவார்கள் என்று சொல்ல மாட்டேன்.

அதிரடி_அருள்

ஓ, அட்ரஸ் போகும்னு தெரியாதுக்கா. ஆனா 14 நாள் சரிதானே 😀

சாந்தி மணாளன்

எனக்கும் நேற்று இதே கொடுமைதான். நான் பின்னிய கைப்பையின் படத்தைக் குரூப்பில் போட்டேன், தூக்கிவிட்டார்கள். எந்தப் பிரிவு என்றே போடவில்லை. எங்கே அப்பீல் செய்வது?

நிழற்குடை

சாந்தி அக்கா, அறிவிப்பில் "குழு நிர்வாகி நீக்கினார்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது தளத்தின் முடிவே இல்லை, குழுவை நடத்துபவர் எடுத்தது. பிரிவு இல்லாததற்கு அதுதான் காரணம். விற்பனைப் பதிவு கூடாது என்று குழு விதியில் இருக்கலாம். நிர்வாகிக்கே எழுதிக் கேளுங்கள். உங்கள் கணக்குக்கு இதனால் எதுவும் ஆகாது.

சாந்தி மணாளன்

ஆமாம் தம்பி, நிர்வாகி என்றுதான் இருக்கிறது. விலை போட்டிருந்தேன்!

வடக்குவாசல்

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். அங்கே 2024 பிப்ரவரி 17 முதல் டிஜிட்டல் சேவைகள் சட்டம் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. நீக்கும்போது தருகிற காரணத்தில், சட்டத்துக்குப் புறம்பு என்பதாலா தளத்தின் விதிமுறைப்படியா, தானியங்கி முறை பயன்பட்டதா என்றெல்லாம் சொல்லியாக வேண்டும். அப்பீல் செய்ய ஆறு மாதம் அவகாசம் உண்டு. தளம் தள்ளுபடி செய்தாலும் வெளியே சான்று பெற்ற தகராறு தீர்வு அமைப்புக்குப் போகலாம், ஆனால் அந்த அமைப்பின் முடிவு தளத்தைக் கட்டாயப்படுத்தாது. எனக்கு வந்த அறிவிப்பில் "தானியங்கி" என்ற வரியைப் பார்த்துத்தான் அப்பீல் போட்டேன். பதிவு திரும்ப வந்தது.

பழைய மேசை

தானியங்கி என்றாலே தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மனிதர் இன்னும் பார்க்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். அதனால் சூழலை விளக்கும் வரிக்கு அங்கே கொஞ்சம் மதிப்பு அதிகம்.

நிழற்குடை, ஒன்று கேட்க வேண்டும். அந்த வீடியோவை இணைப்பு இல்லாமல் மறுபடி ஏற்றினீர்களா?

நிழற்குடை

ஏற்றினோம். குறை இணைப்பில்தானே, வீடியோவில் இல்லையே.

பழைய மேசை

நான் என்றால் காத்திருப்பேன். நீக்கிய கோப்பின் அடையாளத்தை வைத்து மறு ஏற்றத்தைப் பிடிக்கும் தளங்கள் உண்டு. பிடித்தால் அது விதியைத் தட்டிக்கழிக்கும் முயற்சி என்ற வேறு பிரிவில் விழும், அதற்குத் தண்டனை கனம்.

வயலின்ரசிகை

இதில் எனக்கு உடன்பாடில்லை அண்ணா. குறையைத் திருத்தி மறுபடி ஏற்றுங்கள் என்று சில தளங்களின் அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறது. ஏற்றுவதற்கு முன் கொள்கைப் பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?

பழைய மேசை

எழுதியிருந்தால் சரி. நிழற்குடையின் மெயிலில் இருந்ததா என்றுதான் கேட்கிறேன்.

நிழற்குடை

மெயிலில் இல்லை. கொள்கைப் பக்கத்தைத் திரும்பவும் பார்க்கிறேன். இன்னொரு சந்தேகமும் உண்டு: மெயிலில் ஸ்பேம் என்று போட்டிருந்தார்கள், ஆப்பைத் திறந்தால் "வெளி இணைப்புகள்" என்று இப்போது காட்டுகிறது. முன்பு அப்படிக் காட்டியதாக நினைவில்லை. எதை நம்புவது?

பழைய மேசை

இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்பீலைப் படித்தவர் பிரிவை மாற்றி ஒட்டியிருக்கலாம், நாங்களும் செய்வோம். நீக்கம் சரி, காரணம்தான் வேறு என்று தோன்றினால் அப்படித்தான் முடிப்போம். மெயில் பழையபடியே இருக்கும், ஆப்பில் மாறியிருக்கும். ஆக, நீங்கள் இணைப்பைத்தான் பிடித்தீர்கள், அவர்களும் அதையே பிடித்திருக்கிறார்கள். ஆனால் பிரிவு மாறினால் புதிதாக ஒரு அப்பீல் கிடைக்குமா என்பது தளத்துக்குத் தளம் வேறு. அந்தப் பக்கத்தில் பொத்தான் இன்னும் அழுத்தும்படி இருக்கிறதா?

நிழற்குடை

சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது.