கரண்ட் இல்லாத நாலு நாள்: கை சுத்துற சார்ஜரை நம்பலாமா?

செல்வி, முடிச்சூர்

2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி மூணு நாலு நாள் கரண்ட் வராத நிலைமைக்கு இந்தத் தடவை முன்னாடியே தயாராகலாம்னு இருக்கேன். கையில இருக்கிறது: 5,000 எம்.ஏ.ஹெச். ஆண்ட்ராய்டு போன் ஒண்ணு, மாமியாரோட பட்டன் போன், 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க், அப்புறம் ரேடியோவும் டார்ச்சும் சேர்ந்த கை சுத்துற சார்ஜர். லோ பவர் மோட் போட்டுட்டு, சார்ஜ் குறையக் குறையக் கையால சுத்தி ஏத்திக்கிட்டா பவர் பேங்கைத் தொடவே வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன். நடைமுறைல சரியா வருமா?

கணேஷ் பி.

தாராளமா வரும். பவர் பேங்க் 10,000, போன் 5,000, ஆக முழுசா ரெண்டு தடவை ஏத்தலாம். லோ பவர் மோட் போட்டா செலவு பாதியாயிடும். திறந்து கிடக்கிற ஆப்பை எல்லாம் அப்பப்போ மேல தள்ளி மூடிக்கிட்டே இருங்க. பவர் பேங்கைக் கடைசி வரைக்கும் ஒளிச்சு வைக்கணும், அதுதான் விஷயமே.

டவர் தங்கராசு

கணேஷ் தம்பி கடைசியாகச் சொன்னது சரி. கணக்குதான் இடிக்கிறது. பவர் பேங்குக்குள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். அந்த மாற்றத்திலும் சூட்டிலும் கொஞ்சம் போகும், போனுக்குள் ஏறும்போது இன்னும் கொஞ்சம் போகும். பவர் பேங்கின் முதுகில் பொடி எழுத்தில் ரேட்டட் கெப்பாசிட்டி என்று இன்னொரு எண் இருக்கும். 10,000 என்று விற்பதில் அது பெரும்பாலும் 6,000 பக்கத்தில்தான் நிற்கும். செல்வி அம்மா வைத்திருக்கும் போனுக்கு ஒன்றேகால் தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அதைவிட முக்கியம் லோ பவர் மோட். திரை வெளிச்சம், பின்னால் ஓடும் ஆப்கள், தானாக மெயில் இழுப்பது, இதையெல்லாம் அது அடக்கும். புயல் நேரத்தில் பேட்டரியைத் தின்பது இவை எதுவும் இல்லை, டவரைத் தேடும் வேலைதான். டவரில் இருக்கும் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு டீசல் ஜெனரேட்டர். ரோட்டில் தண்ணீர் நின்றால் டீசல் வண்டி வராது, ஒவ்வொரு டவராக விழும். பக்கத்து டவர் விழுந்ததும் உங்கள் போன் தூரத்து டவரை எட்டிப் பிடிக்க முழு பலத்தில் கத்தும். அதுவும் கிடைக்காவிட்டால் விடாமல் தேடும். பாக்கெட்டில் சும்மா கிடந்தபடியே மணிக்கு 4, 5 சதவீதம் கரையும். லோ பவர் மோட் இந்தத் தேடலை நிறுத்துவதில்லை. சிக்னல் ஒரு கட்டைக்குக் கீழே போய்விட்டால் ஏரோப்ளேன் மோடுதான் வழி.

ஆப்பைத் தள்ளித் தள்ளி மூடுவதும் வேண்டாம். மூடிய ஆப்பை மறுபடி திறக்கும்போது முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றும், செலவு கூடத்தான் செய்யும்.

ராணி டீச்சர்

இவ்வளவு கஷ்டம் எதுக்குங்க? எங்க வீட்ல 150 ஏ.ஹெச். பேட்டரியோட இன்வெர்ட்டர் இருக்கு. அதுலயே போனைப் போட்டா போச்சு!

டவர் தங்கராசு

டீச்சர், செல்வி அம்மா கேட்டது கையில் இருப்பதை வைத்துத்தான். இன்வெர்ட்டர் உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பேட்டரி பெரியதுதான், ஆனால் மின்விசிறி ஓடினால் முதல் நாளே காலி. எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தாலும் இன்வெர்ட்டர் தான் விழித்திருப்பதற்கே ஒரு சின்ன பல்பு அளவு இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டு நாளில் அது தின்பது ஒரு போனுக்கு மாதக் கணக்கில் வரும். காற்று அடங்கியதும் இன்வெர்ட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, காலையும் மாலையும் அரை மணி மட்டும் போட்டு எல்லார் போனையும் ஒரே நேரத்தில் ஏற்றுங்கள். தரைத்தளத்தில் தண்ணீர் ஏறும் வீடென்றால் இந்தப் பேச்சே வேண்டாம், அதைத் தொடாதீர்கள்.

நாகை அப்துல்

கை சுத்துற சார்ஜர் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். 2018 கஜாவுக்கு அப்புறம் எங்க பக்கம் நிறைய பேர் வாங்கி வச்சிருக்காங்க. டப்பாவுல என்ன எழுதியிருந்தாலும், ரேடியோ சைஸ் சார்ஜரை ஒரு ஆள் நிதானமா சுத்தினா வர்றது கிட்டத்தட்ட 2 வாட். இப்ப கணக்குப் போடுங்க. 5,000 பேட்டரில இருக்கிறது சுமார் 19 வாட்-மணி. ஒரு சதவீதம்னா 0.19. பத்து நிமிஷம் சுத்தினா 0.33 வரும். அதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் போனுக்குப் போய்ச் சேரும். ஆக, பத்து நிமிஷம் கை வலிக்கச் சுத்தினா ஒரே ஒரு சதவீதம்.

இதுல இன்னொரு தொல்லை. நேரா போன்ல சொருகிட்டுச் சுத்தும்போது போன் கேக்கிற அளவு இது தராது. வேகம் கொஞ்சம் தளர்ந்தாலும் வோல்ட் விழுந்து சார்ஜ் அறுந்துடும், மறுபடி வரும், மறுபடி அறும். ஒவ்வொரு தடவையும் திரை பளிச்சுனு எரியும். சுத்தினது எல்லாம் அந்த வெளிச்சத்துக்கே சரியாப் போயிடும். சார்ஜ் குறி வந்து வந்து மறையுதுன்னா இதான் நடக்குதுன்னு அர்த்தம்.

அதனால முதல்ல சார்ஜருக்குள்ள இருக்கிற பேட்டரிக்குச் சுத்துங்க. அப்புறம் கையை எடுத்துட்டு அதுலருந்து போனுக்கு விடுங்க. வினாடிக்கு ரெண்டு சுத்து போதும். வெறியா சுத்தினா உள்ள இருக்கிற பிளாஸ்டிக் பல்லு வழுக்கிடும், அப்புறம் பிடி சும்மா லொடலொடன்னு சுத்தும், ஒண்ணும் வராது. புயல் எச்சரிக்கை வந்த உடனே சார்ஜரோட பேட்டரியைக் கரண்ட்லயே முழுசா ஏத்தி வச்சிடுங்க. உள்ள 2,000 எம்.ஏ.ஹெச். இருந்தா அதுவே உங்க போனுக்கு ஒரு 20 சதவீதம். கையால சுத்தி அவ்வளவு கொண்டு வரணும்னா மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும்!

சுத்துறதுக்கு ஏத்த ஆளு மாமியாரோட பட்டன் போன்தான். பேட்டரி 1,000 எம்.ஏ.ஹெச்.னா அதே பத்து நிமிஷத்துல அஞ்சு சதவீதம் ஏறும். சிக்னல் ஓரளவு இருந்தா அது பாதி நாள் தாங்கும். கூப்பிடுறதுக்கு அதை வச்சுக்குங்க, பெரிய போனை அமுக்கி வைங்க.

செல்வி, முடிச்சூர்

பத்து நிமிஷத்துக்கு ஒரு சதவீதமா! அப்போ சார்ஜரை வெறும் ரேடியோ, டார்ச்னு நினைச்சுக்கணும் போல. சரிங்கண்ணா, பவர் பேங்கை எப்ப திறக்கணும்?

டவர் தங்கராசு

நாலு நாளுக்கு இப்படிப் பிரியுங்கள். 100 சதவீதத்தில் தொடங்குகிறீர்கள். ஏரோப்ளேன் மோடில் போன் ஒரு நாளைக்குப் பத்து சதவீதம் எடுக்கும், இரவில் அணைத்தே வைத்தால் இன்னும் குறைவு. காலை 7, மதியம் 1, மாலை 7 என்று மூன்று நேரம் வைத்து, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் நெட்வொர்க்கைத் திறங்கள். இந்த நேரத்தை வெளியூர் உறவினரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். போன் மூடியிருக்கும்போது வரும் எஸ்.எம்.எஸ். கம்பெனியிடம் காத்திருந்து, திறந்ததும் வந்து சேரும். இந்த மூன்று தடவைக்கும் சேர்த்துப் பத்து, பன்னிரண்டு சதவீதம். அவசரத்துக்கு ஐந்து. ஆக, ஒரு நாளைக்குச் சுமார் 27.

மூன்றாம் நாள் மாலை போனில் 20 இருக்கும். பவர் பேங்கைத் திறக்க வேண்டியது அப்போதுதான். அதுவரை டார்ச்சுக்கோ பிள்ளைகள் வீடியோ பார்க்கவோ அதை எடுக்கக் கூடாது. போனின் டார்ச்சும் வேண்டாம், மணிக்கு ஐந்து சதவீதம் போகும்.

ஏற்றும்போது போனை ஏரோப்ளேன் மோடில், திரை அணைந்த நிலையில் வையுங்கள். குட்டையான, தடிமனான கேபிள் நல்லது. 80 வந்ததும் நிறுத்திவிடலாம். கடைசி இருபது மெதுவாக ஏறும், அவ்வளவு நேரமும் பவர் பேங்க் தன் உள்வேலைக்கு வீணாகச் செலவழிக்கும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 80 தாண்டியதும் லோ பவர் மோட் தானாக அணைந்துவிடும், கேபிளைக் கழற்றியதும் மறுபடி போட வேண்டும். பல ஆண்ட்ராய்டுகளிலும் இப்படி ஒரு அமைப்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

கணேஷ் பி.

ரேட்டட் கெப்பாசிட்டி இப்பதான் பார்த்தேன், 5,800 போட்டிருக்கு. சரி, இன்னொண்ணு. நெட்வொர்க்கை 2ஜி மட்டும்னு வச்சா சார்ஜ் நிறைய மிச்சமாகும்ல?

நாகை அப்துல்

எந்த சிம்முனு பார்க்கணும் தம்பி. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, அப்படி வச்சா போன் செத்த மாதிரிதான். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியாவே விடுங்க. 2023 ஜூன்ல குஜராத்ல பிபர்ஜாய் புயல் வந்தப்போ ஒரு கம்பெனி சிம் வேற கம்பெனி டவர்ல ஏறிக்கலாம்னு அரசு திறந்து விட்டுச்சு. அந்த மாதிரி இங்க அறிவிச்சா, தானா ஏறலன்னா மட்டும் கையால வேற கம்பெனி பேரைத் தேர்ந்தெடுங்க. அதோட, கட்டை முழுசா காட்டியும் கால் போகலன்னா டவருக்கு வர்ற கேபிள் அறுந்திருக்கலாம். திரும்பத் திரும்ப அடிச்சு சார்ஜை விடாதீங்க.

ராணி டீச்சர்

எனக்கு ஒரு சந்தேகம். நாள் பூரா ஏரோப்ளேன் மோட்ல வச்சா, ஏரி திறந்து விடுறாங்கன்னு அரசு அனுப்புற எச்சரிக்கை அலறல் வராதே? செம்பரம்பாக்கத்துக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு அது ஆபத்தில்லையா?

டவர் தங்கராசு

நியாயமான கேள்வி டீச்சர். வராதுதான். என் பழக்கம், வீட்டில் ஒரு போனாவது திறந்திருக்க வேண்டும். இங்கே அது பட்டன் போன்.

நாகை அப்துல்

பழைய பட்டன் போன்ல அந்த அலறல் வரும்னு நான் நம்ப மாட்டேன் அண்ணே. ரேடியோவை மணிக்கு ஒரு தடவை போட்டுக் கேக்கிறதுதான் என் கட்சி. ஒரு நிமிஷம் சுத்தினா அதுக்குப் போதும். ஏரிக்கு, ஆத்துக்குக் கிட்ட இருக்கிறவங்க முதல் ராத்திரி மட்டும் பெரிய போனையே திறந்து வச்சு, அந்தச் செலவை ஏத்துக்கலாம். அப்போ பவர் பேங்கை ஒரு நாள் முன்னாடியே திறக்க வேண்டியிருக்கும்.

செல்வி, முடிச்சூர்

எங்களுக்கு அடையாறு பக்கம்தான். அப்போ முதல் ராத்திரி திறந்தே வைக்கிறேன். பட்டன் போனைப் பவர் பேங்க்ல போட்டுப் பார்த்தேன், கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சு போகுது. பவர் பேங்க் கெட்டுப்போச்சா?

டவர் தங்கராசு

கெடவில்லை அம்மா. பட்டன் போன் இழுப்பது ரொம்பக் குறைவு, அதனால் எதுவும் மாட்டவில்லை என்று பவர் பேங்க் நினைத்து அணைந்துவிடும். சில மாடல்களில் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் குறைந்த மின்னோட்ட நிலைக்குப் போகும், அதைப் பாருங்கள். இல்லையென்றால் பட்டன் போனைச் சுத்துற சார்ஜருக்கே விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போடுங்கள். சார்ஜ் ஓட்டையில் ஈரம் என்று போன் எச்சரித்தால் வாயைக் கீழே சாய்த்துத் தட்டி, காற்றில் காய வையுங்கள். பஞ்சு, குச்சி எதுவும் விட வேண்டாம். பவர் பேங்க் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால், காய்ந்த பிறகும் அதை எதிலும் சொருகாதீர்கள்.