"மார்க்கெட் எக்ஸ்போஷர்": சந்தை வெளிப்பாடு வேண்டாம், வேறு சொல் சொல்லுங்கள்

நாகர்கோவிலிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். பங்கு முதலீடு பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், பீட்டா அத்தியாயத்தில் வந்து நிற்கிறது. போர்ட்ஃபோலியோவுக்குப் பங்குத்தொகுப்பு, ஃபியூச்சர்ஸுக்கு முன்பேரம், வெயிட்டுக்கு எடை என்று போட்டாயிற்று. பங்கு விகிதம் என்று எழுதினால் ஷேர் என்ற பங்கோடு குழம்பும், அதனால் எடை.

மார்க்கெட் எக்ஸ்போஷர்தான் மாட்டிக்கொண்டது. பலரும் சந்தை வெளிப்பாடு என்று எழுதுகிறார்கள். வெளிப்பாடு என்றால் உள்ளே இருப்பது வெளியே வருவது. சந்தை விழுந்தால் என் பணம் எவ்வளவு சேர்ந்து விழும் என்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? என் வாக்கியம் இது: "பங்குகளை விற்காமலே, நிஃப்டி முன்பேரத்தை விற்று ______ குறைக்கலாம்." கோடிட்ட இடத்தில் என்ன போடலாம்?

மார்த்தாண்டத்திலிருந்து

அக்கா, ஏற்ற இறக்க அளவு என்று போடுங்கள், எல்லாருக்கும் புரியும். பீட்டாவும் அதுதானே, பங்கு எவ்வளவு துள்ளுகிறது என்பது? தொகுப்பின் பீட்டா என்பது எல்லாப் பங்குகளின் பீட்டாவுக்கும் சராசரி. அந்தத் துள்ளலைத்தான் முன்பேரம் குறைக்கிறது.

தக்கலையிலிருந்து

தம்பி சொன்னதில் பாதி சரி. பங்குத் தரகு அலுவலகத்தில் பல வருஷம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துள்ளுவது வேறு, சந்தையோடு சேர்ந்து துள்ளுவது வேறு. நம்ம ஊர் ரப்பர் ஷீட் விலையைப் பாருங்கள், மழையிலும் இறக்குமதியிலும் கிடந்து ஆடும், ஆனால் அது நிஃப்டியைப் பார்த்து ஆடுவதில்லை. ஆட்டம் பெரிது, பீட்டா சிறிது. நிஃப்டி 1 சதவீதம் நகர்ந்தால் இந்தப் பங்கு சராசரியாக எத்தனை சதவீதம் கூடவே நகர்ந்திருக்கிறது என்பதுதான் பீட்டா. அதனால் ஏற்ற இறக்கம் என்ற சொல் வேண்டாம், அது வேறு ஒரு அளவுக்கு வேண்டிய சொல்.

அடுத்து சராசரி. ஒரு 40 லட்ச ரூபாய்த் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 20 லட்சம் வங்கிப் பங்கு, பீட்டா 1.2. 8 லட்சம் உலோகப் பங்கு, பீட்டா 1.5. 4 லட்சம் சோப்பு, பற்பசை விற்கிற கம்பெனி, பீட்டா 0.6. மீதி 8 லட்சம் லிக்விட் ஃபண்டில் கிடக்கிறது, அதற்குப் பீட்டா கிட்டத்தட்ட பூஜ்யம். தம்பி மாதிரி மூன்று பீட்டாவையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.1 வரும், அது தப்பு. ஒவ்வொன்றிலும் கிடக்கிற பணத்தால் பெருக்க வேண்டும்: 24 லட்சம், 12 லட்சம், 2.4 லட்சம், பூஜ்யம். கூட்டினால் 38.4 லட்சம். அதை 40-ஆல் வகுத்தால் 0.96, அதுதான் தொகுப்பின் பீட்டா. சும்மா கிடக்கிற லிக்விட் ஃபண்டை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த 38.4 லட்சத்துக்குத்தான் அக்கா பெயர் கேட்கிறார். பீட்டா ஒரு விகிதம், இது ரூபாய். "உன்னிடம் இருப்பது 40 லட்சம், ஆனால் 38.4 லட்சத்தை நேராக நிஃப்டியில் போட்டவன் மாதிரி நீ சந்தையோடு ஆடுகிறாய்" என்பது அதற்கு அர்த்தம்.

குளச்சலிலிருந்து

அண்ணன் சொன்ன கடைசி வரியில் எனக்கு ஒரு சொல் வந்தது. அப்பா பாய் கட்டி ஓட்டிய காலத்தில், காற்று கூடினால் கட்டுமரத்தை மாற்ற மாட்டார்கள், வலையையும் கடலில் தள்ளிவிட மாட்டார்கள், பாயைச் சுருக்குவார்கள். மரம் அதேதான், பாய் பிடிக்கிற காற்று மட்டும் குறைகிறது. முன்பேரம் செய்வதும் அதுதானே? பங்கு அப்படியே இருக்கிறது, சந்தையை அது பிடிக்கிற அளவுதான் குறைகிறது. சந்தைப்பிடி என்று வைத்தால் என்ன? "நிஃப்டி முன்பேரத்தை விற்றுச் சந்தைப்பிடியைக் குறைக்கலாம்."

தக்கலையிலிருந்து

நல்லா இருக்கிறது, கணக்கிலும் உட்காருகிறது. பாருங்கள்:

```
N = (βt − βp) × P / (F × L)
```

N எத்தனை லாட் என்பது, மைனஸில் வந்தால் விற்க வேண்டும் என்று அர்த்தம். βt வேண்டிய பீட்டா, βp இருக்கிற பீட்டா, P தொகுப்பின் மதிப்பு, F முன்பேர விலை, L ஒரு லாட்டின் எண்ணிக்கை. நிஃப்டி முன்பேரம் 24,000, ஒரு லாட் 75 என்று வைப்போம். லாட் எண்ணிக்கையை அவ்வப்போது மாற்றுகிறார்கள், அன்றைக்கு உள்ளதைப் பார்த்துப் போடுங்கள். ஒரு லாட் 18 லட்சம். பீட்டாவை 0.5 ஆக்க வேண்டுமென்றால் 18.4 லட்சப் பிடியை இறக்க வேண்டும், அதாவது ஒரு லாட் விற்றால் போதும். பிடி 38.4-லிருந்து 20.4 லட்சத்துக்கு வரும், பீட்டா 0.51. நிஃப்டி 10 சதவீதம் விழுந்தால் தொகுப்பில் 3.84 லட்சம் போகும், முன்பேரத்தில் 1.80 லட்சம் வரும், கையை விட்டுப் போவது 2.04 லட்சம்.

ஆனால் இது அப்படியே நிற்காது. உலோகப் பங்கு மட்டும் 8-லிருந்து 12 லட்சமாக ஏறியது என்று வையுங்கள். பிடி 44.4 லட்சம், விற்ற 18 போக 26.4. தொகுப்பு இப்போது 44 லட்சம், ஆக பீட்டா 0.60. நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை, எடை மாறியதில் பீட்டா தானாக நகர்ந்துவிட்டது. மாதம் ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும்.

குலசேகரத்திலிருந்து

எனக்கு ஒரு சந்தேகம். என்னிடம் 6 லட்ச ரூபாய்க்குப் பங்கு இருக்கிறது, மகள் கல்யாணத்துக்கு வைத்தது. பயமாக இருக்கிறது. நானும் ஒரு லாட் விற்று வைக்கலாமா? எந்தத் தரகரிடம் போவது?

தக்கலையிலிருந்து

வேண்டாம் அண்ணாச்சி. உங்கள் பீட்டா 1 என்றே வைத்தாலும் பிடி 6 லட்சம்தான், அதில் 18 லட்சத்தைக் கழித்தால் மைனஸ் 12. சந்தை 5 சதவீதம் ஏறினால் பங்கில் 30,000 வரும், முன்பேரத்தில் 90,000 போகும். காப்பு போட நினைத்து, சந்தை விழ வேண்டும் என்று பந்தயம் கட்டியவர் ஆகிவிடுவீர்கள். அரை லாட் விற்க வழி இல்லை. உங்களுக்குப் பாதிப் பங்கை விற்று லிக்விட் ஃபண்டில் போடுவதுதான் பிடியைக் குறைக்கிற வழி.

பெரிய தொகுப்பு வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன், நான் பட்டது. ஒருமுறை ஒரு லாட் விற்றிருந்தேன், சந்தை 6 சதவீதம் ஏறியது. பங்கில் லாபம்தான், ஆனால் அது காகிதத்தில். முன்பேர நஷ்டத்தை அன்றன்றைக்கே ரொக்கமாகக் கட்ட வேண்டும். 18 லட்சத்தில் 6 சதவீதம் என்றால் 1.08 லட்சம். கையில் ரொக்கம் வைக்காததால், தரகர் கேட்டதும் வங்கிப் பங்கை விற்றுக் கட்டினேன். எந்தப் பங்கை விற்கக் கூடாது என்றுதான் முன்பேரத்துக்கே போனேனோ அதையே விற்றேன்.

மார்த்தாண்டத்திலிருந்து

கணக்கு இப்போது புரிகிறது அண்ணே. பிடி மட்டும் எனக்கு இடிக்கிறது. "பிடி கூடிவிட்டது" என்றால் கட்டுப்பாடு கூடியது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே சந்தைதான் நம்மைப் பிடித்திருக்கிறது. சந்தைச்சார்பு என்று போட்டால் என்ன?

நாகர்கோவிலிலிருந்து

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சார்பு என்றால் விகிதம் மாதிரித் தெரிகிறது, "38.4 லட்ச ரூபாய் சார்பு" என்று வாய் சொல்ல மறுக்கிறது. "38.4 லட்ச ரூபாய்ச் சந்தைப்பிடி" என்று சொல்ல முடிகிறது. வரைவில் சந்தைப்பிடி போட்டு, முதல்முறை வருகிற இடத்தில் குளச்சல்காரரின் பாயை இரண்டு வரியில் எழுதுகிறேன். பீட்டாவைப் பீட்டாவாகவே விடுகிறேன்.

அன்றன்றைக்கு ரொக்கம் கட்டுகிறோமே, அந்த மார்க் டு மார்க்கெட்டுக்கு இன்னும் சொல் இல்லை. "அன்றாடத் தீர்வு" என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே திருப்தி இல்லை. தக்கலை அண்ணன், உங்கள் அலுவலகத்தில் தமிழில் பேசும்போது அதை என்னவென்று சொன்னீர்கள்?