இரண்டு மார்க்குக்காக ரீவேல்யுவேஷன் போடலாமா?

வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், இன்ஜினியரிங் ஐந்தாம் செமஸ்டர். நாலு கிரெடிட் பேப்பர் ஒன்றில் மொத்தம் 69 வந்து, பி பிளஸ்ஸில் நிற்கிறது. 70 இருந்தால் ஏ.

இன்டர்னல் 50க்கு 41. எழுத்துத் தேர்வில் 100க்கு 56, அதைப் பாதியாக்கி 28 சேர்க்கிறார்கள். ஆக, விடைத்தாளில் இரண்டு மார்க் ஏறினாலே மொத்தத்தில் ஒன்று கூடிவிடும். 20 கிரெடிட்டில் 7.4 ஆக இருக்கும் எஸ்ஜிபிஏ 7.6 ஆகும்.

விடைத்தாள் நகல் வாங்கிவிட்டேன். கூட்டல் சரிதான், திருத்தாமல் விட்ட பக்கமும் இல்லை. ஆனால் பத்து மார்க் கணக்கு ஒன்றில் முதல் வரியிலேயே ஒரு மைனஸ் குறியை விட்டுவிட்டேன் (என் தப்புதான்!). அதற்குப் பிறகு எல்லா ஸ்டெப்பும் சரி, கிடைத்தது மூன்று. பாடம் எடுத்த மேடமிடம் காட்டினேன். "ஆறு வரை போடலாம், திருத்துபவரைப் பொறுத்தது" என்றார். ஆபீஸில் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார்கள். நாளை மறுநாள் கடைசி நாள்.

இப்படி ஆரம்பத்தில் குறி தவறிய கணக்குக்கு, ரீவேல்யுவேஷனில் ஸ்டெப் மார்க் ஏறிய அனுபவம் யாருக்காவது உண்டா?